தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்: ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஓர் ஆண்டுக் கணக்கு

கேள்வி: சென்னையில் மூன்று வருடமாக ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். செப்டம்பரில் தூங்க நேரமில்லை. தீபாவளி முடிந்ததும் வேலையே இல்லை. மார்ச்சில் மறுபடியும் வேலை வந்து குவிகிறது, ஜூன் ஜூலையில் வாடகைக்கே திண்டாட்டம். பண்டிகை மாதங்களையும் கம்பெனிகளின் ஆண்டு இறுதி பட்ஜெட்டையும் வைத்து ஒரு வருடத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

பதில்:

நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் கலந்திருக்கின்றன. செப்டம்பர், மார்ச் என்று நீங்கள் சொல்வது வேலை நடக்கும் மாதங்களை. ஜூன், ஜூலை என்று சொல்வது பணம் வராத மாதங்களை. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே வரியாக எழுதிக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் கைகொடுக்காது. ஜூனில் பணம் இல்லையென்றால் அதற்கான காரணம் ஜூனில் இல்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வேலை நடக்கவில்லை என்பதே காரணம். ஏப்ரலில் வேலை நடக்காததற்குக் காரணம், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தலை நிமிர நேரமில்லாமல் யாரிடமும் புது வேலை கேட்காமல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தேதிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேச்சு தொடங்கிய தேதி, வேலை நடந்த நாட்கள், பணம் வங்கியில் ஏறிய தேதி.

முதல் வேலையாக, கடந்த இரண்டு ஆண்டுகளின் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த ஒவ்வொரு வரவுக்கும் நேராக இந்த மூன்று தேதிகளையும் எழுதுங்கள். பேச்சு தொடங்கிய தேதியை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ தேடினால் கிடைத்துவிடும். ஓர் ஆண்டு அறிக்கை மட்டும் போதாது. ஏனென்றால் நம் ஊரின் பண்டிகைகளில் சில நகர்கின்றன, சில நகர்வதில்லை. இதைப் பின்னால் விளக்குகிறேன். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகும். ஆனால் மாலைக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பேச்சிலிருந்து பணம் வரை சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் ஜவுளிக்கடை வேலைகளுக்கு அது நான்கு மாதத்தை ஒட்டியும், பெரிய கம்பெனிகளின் வேலைகளுக்கு இரண்டரை மாதத்தை ஒட்டியும் வருகிறது. உங்களுக்கு வேறு எண் வரலாம். அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

வேளச்சேரியில் இருக்கும் ஒரு வடிவமைப்பாளருக்கு நான் உட்கார்ந்து போட்டுக்கொடுத்த கணக்கை இங்கே தருகிறேன். தொகைகளை மட்டும் முழுமைப்படுத்தியிருக்கிறேன். அவருக்கு ஓர் ஆண்டில் வந்தது 8 லட்சத்து 20 ஆயிரம். மாத வாரியாகப் பார்த்தால் ஏப்ரலில் 1,10,000, மே மாதத்தில் 75,000, ஜூனில் 40,000, ஜூலையில் 35,000, ஆகஸ்டில் 45,000, செப்டம்பரில் 55,000, அக்டோபரில் 60,000, நவம்பரில் 70,000, டிசம்பரில் 1,30,000, ஜனவரியில் 80,000, பிப்ரவரியில் 50,000, மார்ச்சில் 70,000. வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்து அவருக்கு மாதம் 55,000 தேவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதங்கள் தன்னால் தாக்குப்பிடிக்க முடியாது என்றும், அதற்காக ஒன்றரை லட்சத்துக்கு மேல் சேமித்தாக வேண்டும் என்றும் அவர் அஞ்சிக்கொண்டிருந்தார்.

கணக்கு வேறு மாதிரி சொல்லியது. அந்த மூன்று மாதங்களிலும் வரவு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஜூனில் 15,000, ஜூலையில் 20,000, ஆகஸ்டில் 10,000 என மொத்தம் 45,000 மட்டுமே குறைகிறது. ஏப்ரலில் தேவைக்கு மேல் வந்ததோ 55,000. அதாவது ஏப்ரலில் வந்த உபரியைத் தொடாமல் வைத்திருந்தாலே ஆடி மாதத்தைத் தாண்டிவிடலாம். மே மாத உபரி 20,000 கூடுதல் பாதுகாப்பு. உண்மையில் நடந்தது என்னவென்றால், ஏப்ரலில் பெரிய தொகை வந்ததும் புது லேப்டாப்பும் குடும்பத்தோடு ஒரு பயணமும் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்விட்டன. தேவையான சேமிப்பு என்பது மந்தமான மாதங்களின் மொத்தச் செலவு அல்ல, அந்த மாதங்களில் விழும் பள்ளத்தின் ஆழம்தான். இதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். செய்முறை எளிது: ஏப்ரலில் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் வரவிலிருந்து தேவையைக் கழித்து, மிச்சத்தை முந்தைய மாத மிச்சத்தோடு கூட்டிக்கொண்டே போனால், அந்தத் தொடரில் உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதே உங்கள் பள்ளம்.

அவருக்குச் செய்த ஏற்பாடு இதுதான். வாடிக்கையாளர் பணம் முழுவதும் ஒரு கணக்கில் ஏறும். அங்கிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் 55,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குச் செல்லும், டிசம்பரில் 1,30,000 வந்தாலும் அதே 55,000தான். பள்ளத்துக்கான 45,000 போக, வர வேண்டிய ஒரு பெரிய பில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் சமாளிக்க இன்னொரு மாதத் தேவையையும் அந்தக் கணக்கில் நிரந்தரமாக விட்டுவைத்தார். ஆக, சுமார் ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே நிற்பதைத்தான் லேப்டாப்புக்கோ பயணத்துக்கோ எடுக்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: தொழில்முறைச் சேவை என்று கணக்கிட்டு 10 சதவீத டிடிஎஸ் பிடித்துவிட்டுத் தரும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆகவே இந்தக் கணக்கில் இன்வாய்ஸ் தொகையை எழுதாமல், கையில் வந்த தொகையை மட்டுமே எழுத வேண்டும்.

இனி பண்டிகைகள். சென்னையில் இரண்டு வகைப் பண்டிகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சூரியனை வைத்து எண்ணப்படுபவை ஏறக்குறைய நகர்வதே இல்லை. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15, சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14, ஆடி மாதம் ஜூலை 17-ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் 16-ஐ ஒட்டி முடியும். ஆடித் தள்ளுபடிக்கும் பொங்கல் விளம்பரத்துக்கும் போன வருடத் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திதியை வைத்து எண்ணப்படுபவை நகரும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆண்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாட்கள் முன்னே வந்துகொண்டிருந்தது, 2026-இல் நவம்பர் 8-க்குத் தாவுகிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாட்கள் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்ட அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்க்கப்படுகிறது; 2026-இல் அது மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை வருகிறது. ஆகவே அதற்குப் பின் வரும் விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் தள்ளிப்போகின்றன. 2027-இல் தீபாவளி மறுபடியும் அக்டோபர் கடைசிக்குத் திரும்பும். ரமலானுக்கு இந்தச் சரிக்கட்டலும் இல்லை. அது ஒவ்வோர் ஆண்டும் முன்னே வந்துகொண்டே இருக்கும். 2026-இல் மார்ச் மூன்றாம் வாரத்தில் வருவதால், அந்த வேலையும் கம்பெனிகளின் ஆண்டு இறுதி வேலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இரண்டையும் ஒப்புக்கொள்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

தீபாவளி வேலையை 2026-ஐ வைத்தே பின்னோக்கி எண்ணிக் காட்டுகிறேன். தி.நகரில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. கூட்டம் அதற்கு முந்தைய ஐந்து வார இறுதிகளில் வரும். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை, காந்தி ஜெயந்தி விடுமுறை; அன்றே கடைக்குள் அலங்காரமும் கட்டைப்பையும் நாளிதழ் விளம்பரமும் தயாராக இருக்க வேண்டும். இவற்றுள் மிகுந்த நாள் எடுப்பது கட்டைப்பை. அச்சடித்துத் தைத்துக் கடைக்கு வந்து சேர மூன்று வாரம் வேண்டும் என்று அச்சகத்தார் கேட்பார்கள். எனவே செப்டம்பர் 10-க்குள் இறுதி வடிவமைப்பை ஒப்படைக்க வேண்டும். முதலாளி, அவருடைய மகன், விளம்பரப் பொறுப்பாளர் என்று மூவர் பார்த்துத் திருத்தம் சொல்லப் பத்து நாட்கள் ஆகும். ஆகவே முதல் வடிவம் ஆகஸ்ட் 31. அதற்கு இரண்டு வார வேலை. ஆகஸ்ட் 17 அன்று உட்கார்ந்துவிட வேண்டும். கொட்டேஷன் கொடுத்து, பேரம் பேசி, அட்வான்ஸ் வாங்க இரண்டு வாரம். அப்படியானால் தீபாவளிப் பேச்சைத் தொடங்கும் நாள் ஆகஸ்ட் முதல் வாரம், அதாவது ஆடிப் பதினெட்டை ஒட்டி.

பலரும் தவறுவது இங்கேதான். ஆடியில் வேலை இல்லை என்று நாம் சோர்ந்திருக்கும் நாட்களே அடுத்த நான்கு மாத வருமானம் முடிவாகும் நாட்கள். கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடியில் மூழ்கியிருப்பார்கள் என்பது உண்மைதான். சனி, ஞாயிறு போனால் முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள். செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்குள் போனால் பேச முடியும். ஆடித் தள்ளுபடி எப்படிப் போகிறது என்பதை வைத்தே அவர்கள் தீபாவளிக்கு எவ்வளவு செலவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு எடுக்கப்படும் நேரத்தில் நாம் எதிரில் இருக்க வேண்டும். ஆவணி பிறந்த பிறகு போனால், வேலை வேறொருவரிடம் போயிருக்கும், அல்லது நேரமே இல்லாத அவசர வேலையாக நம்மிடம் வந்து சேரும். உங்கள் செப்டம்பர் தூக்கமின்மைக்கு வேலை அதிகம் என்பதைவிட, வேலை மூன்று வாரம் தாமதமாகத் தொடங்குகிறது என்பதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மூன்று தேதிப் பட்டியலில் பேச்சுக்கும் வேலைக்கும் இடையே ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் அதுவே அடையாளம்.

பணத்தையும் அதே போல எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து அக்டோபர் முதல் வாரத்தில் பில் கொடுத்தால், தீபாவளி முடியும்வரை கடையின் கணக்குப் பிரிவு அதைத் தொடாது. முதலில் சரக்கு கொடுத்தவர்களுக்குப் பட்டுவாடா நடக்கும். நமக்கு நவம்பர் கடைசி, பெரும்பாலும் டிசம்பர். அதாவது தீபாவளிக்காக உழைத்தவர் தம் வீட்டுத் தீபாவளியைக் கடன் வாங்கிக் கொண்டாடுகிறார். ஆகவே பண்டிகை வேலைக்குத் தவணையை மாற்றுங்கள்: ஒப்புக்கொள்ளும்போது 50 சதவீதம், இறுதி வடிவத்தை ஒப்படைக்கும் அன்று 30 சதவீதம், மீதி தீபாவளிக்குப் பின். இறுதிக் கோப்பை இரண்டாம் தவணை வந்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புவது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். அந்த வேளச்சேரிக்காரர் 1 லட்ச ரூபாய் வேலை ஒன்றுக்கு இப்படிச் செய்ததில், டிசம்பரில் வந்திருக்க வேண்டிய 50,000 ஆகஸ்டிலேயே வந்தது. ஆகஸ்ட் 45,000 என்பது 95,000 ஆயிற்று. பள்ளம் 45,000-லிருந்து 35,000-ஆகக் குறைந்தது, மூன்று மாதம் இருந்தது இரண்டு மாதமாயிற்று. விலையை ஏற்றாமல், வேலையையும் கூட்டாமல், தேதியை மட்டும் நகர்த்தியதால் வந்த மாற்றம் இது. எல்லாக் கடைக்காரரும் 50 சதவீதத்துக்கு ஒப்ப மாட்டார்கள். ஆகஸ்டில் கேட்டால் ஒப்புவோர் செப்டம்பரில் கேட்பதைவிட அதிகம் என்பது மட்டும் நிச்சயம்.

கம்பெனிகளின் மார்ச் வேறு இயல்புடையது. கடைக்காரர் விற்பனைக்காகச் செலவிடுகிறார். கம்பெனி மேலாளரோ, மார்ச் 31-க்குள் செலவழிக்காத பட்ஜெட் கைவிட்டுப் போகும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும் என்பதற்காகச் செலவிடுகிறார். ஆகவே அங்கே நமக்கு எதிரி போட்டியாளர் இல்லை, நடைமுறைதான். புதிய கம்பெனி ஒன்றில் நம்மை வெண்டராகப் பதிவு செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பான், ரத்து செய்த காசோலை, ஜிஎஸ்டி எண் அல்லது பதிவு தேவையில்லை என்ற உறுதிமொழி, குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். பிப்ரவரி கடைசியில் வேலை வந்து, அதன் பிறகு இந்தத் தாள்களைக் கொடுத்தால் மார்ச் பாதி போய்விடும். ஆகவே பொங்கல் முடிந்த மறுவாரம், நமக்குத் தெரிந்த ஒவ்வொரு மேலாளருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். அதில் பொதுவாக வேலை கேட்பதால் பயனில்லை. மூன்று வாரத்தில் முடியக்கூடிய, 40,000 முதல் 75,000 ரூபாய்க்குள் அடங்கும், அவருடைய துறைக்கு உண்மையில் பயன்படும் இரண்டு மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: பழைய தயாரிப்புக் கையேட்டைப் புதுப்பிப்பது, பயிற்சிக் காட்சித்தாள்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது போன்றவை. மிச்சமிருக்கும் பட்ஜெட்டுக்குள் அடங்கும் அளவும், மேலதிகாரியிடம் போகாமல் அவரே ஒப்புதல் தரக்கூடிய அளவும் அதுவாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பர்ச்சேஸ் ஆர்டர் கையில் வராமல் வேலையைத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு, வாய்மொழி ஒப்புதலை நம்பி, மார்ச் 28 அன்று ஒரு சிற்றேட்டை முடித்துக் கொடுத்தேன். ஆர்டர் ஏப்ரல் 3 என்ற தேதியிட்டு வந்தது. என் பில்லோ மார்ச் 30 தேதியிட்டது. ஆர்டருக்கு முந்தைய தேதி என்று கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. தேதியை மாற்றிக் கொடுத்தபோது, போன ஆண்டு வேலைக்கு இந்த ஆண்டு பட்ஜெட்டிலிருந்து ஏன் தர வேண்டும் என்று புதிதாக வந்த மேலாளர் கேட்டார். பணம் ஆகஸ்டில் வந்தது. இப்போது நான் வைத்திருக்கும் கோடு இது: மார்ச் 5-க்குள் ஆர்டர் வராத வேலையை ஏப்ரல் வேலையாகவே எழுதிக்கொள்கிறேன், பில்லை மார்ச் 20-க்குள் கொடுக்கிறேன், திருப்பி அனுப்பினாலும் திருத்திக் கொடுக்கப் பத்து நாட்கள் இருக்கும். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரலில் செய்யப்போகும் வேலைக்கு மார்ச்சிலேயே பில் கேட்பார்கள். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எதை, எந்தத் தேதியில், எத்தனை திருத்தத்துடன் ஒப்படைப்பேன் என்பதை எழுத்தில் வாங்காமல் கொடுத்தால், பணம் கொடுத்துவிட்டோம் என்ற உரிமையில் அந்த வேலை ஜூன்வரை நீளும்.

உத்யம் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. அது இலவசம், இணையத்தில் செய்துகொள்ளலாம், சேவைத் தொழிலுக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். இது நெடுங்காலம் ஏட்டில் மட்டுமே இருந்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்துக்குப் பின், அந்தக் காலக்கெடுவைத் தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில் மட்டுமே கம்பெனி செலவாகக் கழிக்க முடியும். ஆகவே பிப்ரவரி நடுவுக்கு முன் கொடுத்த பில் மார்ச் 31-இல் நிலுவையாக நின்றால் அவர்களுக்கே வரி கூடும். பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலேயே கணக்காளர் கவனிப்பார். எனவே முடிந்த வேலைகளுக்கான பில்லை ஜனவரி கடைசிக்குள் அனுப்பிவிடுவது, மார்ச் வரவைக் கூட்டும் மிக எளிய வழி. சிறிய கடைக்காரரிடம் இந்தச் சட்டத்தைப் பேசுவதில் பயனில்லை, உறவுதான் கெடும். அங்கே அட்வான்ஸ்தான் வழி.

இனி இரண்டு பள்ளங்களையும் எதைக் கொண்டு நிரப்புவது என்பது. ஆடிப் பள்ளத்துக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல வேலை இருக்கிறது: கம்பெனிகளின் ஆண்டறிக்கை. மார்ச் 31-இல் ஆண்டை முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்துக்கு முழுமையாக 21 நாட்கள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும்; பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் அறிவிப்போடு ஆண்டறிக்கையையும் அனுப்புகின்றன. ஆகவே பக்க வடிவமைப்பு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நடக்கிறது, அதாவது ஜவுளி, நகை வேலைகள் இல்லாத அதே வாரங்களில். அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த பொறுமையான வேலை. தணிக்கையாளர் கடைசி நாளில் ஓர் எண்ணை மாற்றுவார், நாற்பது பக்கம் நகரும். பண்டிகை விளம்பரம் போல மின்னாது. ஆனால் ஒரு முறை சரியாகச் செய்தால் அடுத்த ஆண்டும் உங்களையே அழைப்பார்கள், ஏனெனில் பழைய கோப்பு உங்களிடம் இருக்கிறது. இதைக் கேட்க வேண்டிய நேரம் மார்ச், ஏப்ரல். கேட்க வேண்டியவர் கம்பெனிச் செயலாளர்.

தீபாவளிக்குப் பின் வரும் பள்ளத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று புத்தகங்கள். சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசி, ஜனவரியில் நடப்பதால், பதிப்பகங்களுக்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை அட்டையும் உள்பக்கமும் மூச்சுமுட்ட வேலை இருக்கும். தொகை குறைவு, பணமும் காட்சி முடிந்து பிப்ரவரியில்தான் வரும். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், பிப்ரவரிதான் அவருக்கு இரண்டாவது பள்ளம். ஆகவே தாமதமாக வரும் அந்தப் பணம் சரியான இடத்தில் வந்து விழுகிறது. மற்றொன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள். அமெரிக்கக் கம்பெனிகளில் பலவற்றுக்கு ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. நம் மார்ச்சில் நடக்கும் அதே அவசரம் அங்கே அக்டோபர், நவம்பரில் நடக்கும். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்குப் பின் அங்கே முடிவெடுப்பவர்கள் மெல்ல விடுமுறைக்குப் போய்விடுவார்கள், எனவே அதற்கு முன் ஒப்புதல் வாங்க வேண்டும். ஜூன் 30-இல் ஆண்டை முடிக்கும் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று கிடைத்தால் மே மாதம் நிரம்பும்.

இவை எல்லாவற்றுக்கும் பேச்சைத் தொடங்க வேண்டிய வாரங்களைக் குறித்துப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். ஆண்டறிக்கைக்குப் பேச வேண்டியது மார்ச்சில், புத்தகங்களுக்கும் அமெரிக்க வேலைக்கும் பேச வேண்டியது செப்டம்பரில். இரண்டும் நாம் மூச்சுவிட முடியாத மாதங்கள். வேறு வழியில்லை. அந்த இரண்டு மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம், புது வேலை கேட்பதற்கென்று ஒதுக்கி, வாடிக்கையாளருக்கு ஒப்புக்கொண்ட வேலையைப் போலவே அதையும் நாட்காட்டியில் எழுத வேண்டும். அந்த நேரத்தை உண்டாக்க, கொள்ளளவைத் தெரிந்து வேலை ஒப்புக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் 24 வேலை நாட்கள், நாளுக்கு உண்மையாக வேலை செய்யக்கூடியது ஆறு மணி நேரம் என்றால் 144 மணி நேரம். அதில் 105, 110 மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொண்டால் திருத்தங்களுக்கு இடம் இருக்காது, தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த அளவு நிரம்பிய பிறகு வருபவரிடம் கூடுதல் கட்டணத்தைச் சொல்லுங்கள். ஒப்பினால், நம்பிக்கையான இன்னொரு வடிவமைப்பாளருக்கு அதில் ஒரு பகுதியைக் கொடுத்துச் செய்யுங்கள்.

நாட்காட்டியை எப்போது எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியும் ஏப்ரலும் இதற்குப் பொருந்தா. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப் பதினெட்டு அன்று வெளியிடுவது வழக்கம். அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் அடுத்த ஆண்டின் பண்டிகைத் தேதிகள் அச்சில் கிடைத்துவிடுகின்றன. தீபாவளிப் பேச்சும் அதே வாரத்தில் தொடங்குகிறது. ஆகவே நான் ஆடியிலிருந்து ஆடிவரை எழுதுகிறேன். ஒரு பெரிய தாளில் மூன்று வரிகள்: மேலே பேச்சு, நடுவில் வேலை, கீழே பணம். முதலில் நடுவரியில் வேலை முடிய வேண்டிய தேதிகளைக் குறித்து, அங்கிருந்து என் பழைய பட்டியலின் சராசரி நாட்களை எடுத்து, மேல்வரிக்குப் பின்னோக்கியும் கீழ்வரிக்கு முன்னோக்கியும் எண்ணுகிறேன். கீழ்வரியில் வெறுமையாக நிற்கும் மாதத்தைக் கண்டதும், அதற்கு நான்கு மாதம் முன்பாக மேல்வரியில் யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு பெயரை எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் எந்த வேலைக்கும் இறுதித் தேதி வைப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் அந்த நாட்களில்தான் வந்தன. மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் இல்லாமல் போன பகுதிகளில் பெரம்பூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் அடங்கும். புத்தக வேலையை நவம்பர் 28-க்குள் ஒப்படைப்பதாகச் சொல்லி வாங்குங்கள். மழை வராத ஆண்டில் அந்த இரண்டு வாரங்கள் பில் எழுதவும், ஜனவரிக் கடிதத்துக்கு மேலாளர்களின் பட்டியலைத் தயாரிக்கவும் போதுமானதாக இருக்கும்.